டிவிடியா, சிங்க்கா, டிஸ்க்கா? பதினோரு கல்யாணக் கேசட்டின் கதை

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு அலமாரியில் பதினோரு விஎச்எஸ் கேசட்டுகள் இருந்தன. எல்லாம் குடும்பத்துக் கல்யாணங்கள். டொராண்டோவில் இருக்கும் பேத்திக்கும் பேரனுக்கும் அவற்றைக் காட்ட வேண்டும் என்று நினைத்தபோது, முதலில் கண்ணில் பட்டது கடைவீதி ஸ்டுடியோதான். "கொடுத்துட்டுப் போங்க டீச்சர், டிவிடி போட்டுத் தரேன்."

ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். மூன்று மணி நேரக் கேசட்டை 4.7 ஜிபி தட்டுக்குள் திணித்திருந்தார்கள். அட்சதை விழும் இடத்தில் மணமக்கள் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. போதாததற்குப் பேத்தியின் லேப்டாப்பில் டிவிடி போட இடமே இல்லை. டிவிடி கதை அதோடு முடிந்தது.

அப்புறம் நானே இறங்கினேன். பழைய விசிஆர், மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயர், விசிஆரில் ஓடுவதை லேப்டாப்பில் கோப்பாகப் பதியும் ஒரு யுஎஸ்பி கேப்சர் கருவி. கேசட் மூன்று மணி நேரம் என்றால் பதிவாகவும் மூன்று மணி நேரம், அவசரப்படுத்த வழியில்லை. ஒரு கேசட் சுமார் 7 ஜிபி ஆனது. ஒன்றை மட்டும் உள்ளே விடவில்லை. அதன் கண்ணாடிச் சன்னல் வழியே நாடாச் சுருளில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தது. போட்டால் விசிஆரின் ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல கேசட்டுக்கும் போய்ச் சேரும்.

பத்தையும் லேப்டாப்பில் சிங்க் ஆகும் ஃபோல்டரில், அதாவது இங்கே வைப்பதை இணையத்தில் இருக்கும் மேகச் சேமிப்பிலும் அப்படியே வைக்கும் ஃபோல்டரில், வைத்தேன். மொத்தம் 70 ஜிபி. எங்கள் இணைப்பில் மேலேற இரண்டு ராத்திரி பிடித்தது. டொராண்டோவில் உடனே பார்த்தார்கள். இந்த வசதிக்கு ஈடு வேறு எதுவும் இல்லை. ஆனால் லேப்டாப் நிறைந்ததும், "அதுதான் மேலே இருக்கிறதே" என்று இங்கே அழித்தேன். மேலேயும் அழிந்தது! சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. இங்கே இல்லாதது அங்கேயும் இருக்காது. "அம்மச்சி, கல்யாணம் எதையும் காணோம்" என்று பேத்தி கூப்பிட்டபோது இருபத்தாறாவது நாள். குப்பைத்தொட்டியில் முப்பது நாள்தான் வைத்திருப்பார்களாம். நாலு நாள் மிச்சத்தில் மீட்டோம்.

லேப்டாப்பில் வயரில் இணைக்கும் தனி ஹார்ட் டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை. லேப்டாப்பில் அழித்தால் இதில் அழியாது. ஆனால் கீழே விழுந்தால் போச்சு, கேசட் இருக்கும் அதே அலமாரியில் வைத்தால் ஒரே ஒழுகலில் இரண்டும் போச்சு. அதனால் இரண்டு டிஸ்க் வாங்கினேன். ஒன்று இங்கே. மற்றது விடுமுறைக்கு வந்த மகளோடு டொராண்டோ போனது. மேகத்தில் இருப்பது பார்ப்பதற்கு மட்டும் என்று முடிவு செய்தேன். கேசட்டுகளையும் தூக்கிப் போடவில்லை.

அங்கே போனது முழுசாகப் போயிற்றா என்று பார்க்க, விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் அடிக்கும் ஒரு வரியைப் பேரன் சொல்லிக் கொடுத்தான்:

```
certutil -hashfile kalyanam-07.mp4 SHA256
```

நீளமாக ஒரு எழுத்துச் சரம் வரும். கோப்பில் ஒரு துளி மாறியிருந்தாலும் சரமே வேறாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை போனில் ஆஜர் எடுப்பதுபோல் ஒவ்வொரு கல்யாணமாகக் கூப்பிட்டேன். பேரன் அங்கிருந்து கடைசி ஆறு எழுத்தைச் சொன்னான். ஏழாவது மட்டும் பொருந்தவில்லை. டிஸ்க்கில் நகலெடுக்கும்போது பாதியில் வயர் கழன்றிருக்கிறது.


அதை இன்றைக்கு மறுபடி அனுப்புகிறேன்.