பவுடரா, திரவமா? வாளியா, பானையா? குடிநீர்க் குழுவுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மேல்நிலைத் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடரே போதுமா, திரவக் குளோரின் வாங்கலாமா என்று போன கூட்டத்தில் கேட்டீர்கள். கோயில் கிணற்றில் குளோரின் பானை தொங்கவிடலாமே என்றும் ஒருவர் சொன்னார். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் தொட்டி. நம் தொட்டி 30,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் 120 கிராம் பவுடர் போடுகிறோம். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் கிடைக்கும். அதே அளவு குளோரின் 10 சதவீதத் திரவத்தில் வேண்டுமென்றால் 300 மில்லி ஊற்ற வேண்டும். காகிதத்தில் இரண்டும் சமம்தான்.

வித்தியாசம் வைத்திருக்கும் இடத்தில் வருகிறது. புதுப் பவுடரில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்து மோட்டார் ரூமில் வைத்தால் ஈரமும் சூடும் பட்டு அது குறைந்துகொண்டே போகும். கட்டி தட்டி, நெடி இல்லாமல் போன பவுடரை 120 கிராம் போட்டாலும் சுண்ணாம்பு போட்ட மாதிரிதான். திரவத்துக்கு இந்தச் சுண்ணாம்புத் தொல்லை கிடையாது, அடியில் எதுவும் படியாது. ஆனால் நம் வெயிலில் அது பவுடரைவிட வேகமாக வீரியம் இழக்கும். 10 சதவீதம் 5 ஆகிவிட்டால் 300 மில்லிக்குப் பதில் 600 மில்லி ஊற்ற வேண்டும். கேனைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மோட்டார் ஓடும்போது தானாகவே சொட்டுவிடும் கருவி இருந்தால் நான் திரவத்தையே சொல்லுவேன். நம்மிடம் அது இல்லை. கையால் ஊற்றுகிற வரைக்கும் பவுடர்தான் நமக்குச் சரி. பெரிய மூட்டையாக வாங்காமல், ஒரு மாதத்துக்குள் தீரும் அளவில் சிறிய பாக்கெட்டுகளாக வாங்குங்கள்.

பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளிக்கு நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். மேலே நிற்கும் தெளிவு மட்டும், தொட்டி பாதி நிரம்பும்போது உள்ளே போக வேண்டும். மீதி நீர் விழும்போது தானே கலந்துவிடும். நிரம்பிய பிறகு அரை மணி நேரம் வால்வைத் திறக்க வேண்டாம். இன்னொன்று: காலையில் ஒருமுறை போட்டுவிட்டு மதியம் மறுபடி தொட்டியை நிரப்பினால் அந்த இரண்டாவது தண்ணீருக்குப் போதிய மருந்து இல்லை. ஒவ்வொரு நிரப்புக்கும் தனியாகப் போட வேண்டும்.

இனி கிணறு. பானை முறையில் பவுடரையும் அதைப்போல இரண்டு மடங்கு மணலையும் கலந்து, ஓட்டை போட்ட பானையில் வைத்து, நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே தொங்கவிடுவார்கள். குளோரின் மெல்லக் கசிந்து இரண்டு மூன்று வாரம் வரும். தினமும் ஆள் போக வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் அது சுமார் 4,500 லிட்டர் நீருள்ள, ஒன்றிரண்டு குடும்பம் இறைக்கும் வீட்டுக் கிணற்றுக்கான ஏற்பாடு. கோயில் கிணற்றின் விட்டம் 3 மீட்டர், நீர் ஆழம் 4 மீட்டர். 3.14 × 3 × 3 × 4 ÷ 4 என்று போட்டால் 28 கன மீட்டருக்குச் சற்று மேல், அதாவது 28,000 லிட்டர். தெருவே வந்து இறைக்கிறது. ஒரு பானை இதற்குக் காணாது. பானை தொங்குகிறதே என்ற தைரியத்தில் யாரும் சோதிக்கவும் மாட்டார்கள் என்பது என் பயம்.

எனவே இங்கே வாளிதான். 4 கிராம் கணக்கில் சுமார் 113 கிராம் வரும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் கரைக்க வேண்டாம், இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தெளிவை வேறு வாளிக்கு மாற்றிக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துக் கலக்க வேண்டும். இரவு கடைசி ஆள் இறைத்த பிறகு செய்தால் விடியும்வரை மருந்துக்கு நேரம் கிடைக்கும். மழை பெய்து கலங்கலாக இருந்தால் அந்த மண்ணும் சருகுமே குளோரினைத் தின்றுவிடும். தெளிந்த பிறகே இந்தக் கணக்கு பொருந்தும், அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எந்த முறையாக இருந்தாலும், தண்ணீரில் மீதமுள்ள குளோரினை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப்தான் தீர்ப்பு சொல்லும். தொட்டியடியில் பார்ப்பது போதாது, கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும். சொட்டு மருந்து விட்டதும் பத்து விநாடிக்குள் மஞ்சள் நிறத்தை ஒப்பிடுங்கள். தாமதித்தால் கிருமியைக் கொல்லும் வேகம் குறைந்த குளோரினும் சேர்ந்து நிறம் கூடிவிடும். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு பரவும் நாட்களில் 0.5க்குக் குறையக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். தொட்டியிலும் கடைசிக் குழாயிலும் குறைவாக இருந்தால் அளவை 150 கிராமாக்கி மறுநாள் பாருங்கள். தொட்டியில் சரியாக இருந்து கடைசிக் குழாயில் நிறமே வராவிட்டால், பவுடரைக் கூட்டுவதற்கு முன் வழியில் சாக்கடை ஓரமாகக் குழாய் உடைந்திருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் சிறிய தராசு ஒன்றுக்கும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா இரண்டுக்கும் ஒப்புதல் கொடுங்கள். குளோரோஸ்கோப் மருந்து துணை சுகாதார நிலையத்தில் என்னிடம் இருக்கிறது. தொட்டி இயக்குநரை அனுப்பினால் சோதிக்கும் முறையைக் காட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
கிராம சுகாதார செவிலியர்