“ஆர்த்தோ, 40 டென்சிட்டி, 100 நாள் ட்ரையல்”: மெத்தை வாங்குபவர்கள் கவனத்திற்கு

இடுப்பு வலிக்காக மெத்தை தேடுபவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு ஷோரூமில் 72க்கு 60, ஆறு அங்குல ஃபோம் மெத்தை வாங்கினேன். கடைக்காரர் சொன்னது மூன்று விஷயம்: “சார், இது ஆர்த்தோ மெத்தை. ஃபுல்லா 40 டென்சிட்டி. பிடிக்கலைன்னா 100 நாளுக்குள்ள ரிட்டர்ன் பண்ணிக்கலாம்.” மூன்றுமே தேறவில்லை.

ஆர்த்தோ என்ற பெயரை வைக்க எந்த மருத்துவ அங்கீகாரமும் தேவையில்லை. கம்பெனி நினைத்தால் உறையில் அச்சடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

டென்சிட்டிதான் பெரிய பித்தலாட்டம். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். அதனால் வீட்டிலேயே சரிபார்த்துவிடலாம். என் மெத்தையின் கன அளவு 1.83 × 1.52 × 0.15, அதாவது சுமார் 0.42 கன மீட்டர். உண்மையிலேயே 40 டென்சிட்டி என்றால் ஃபோம் மட்டும் 17 கிலோ பக்கம் இருக்க வேண்டும். எடை மெஷினில் மெத்தையோடு ஒரு தரம், மெத்தை இல்லாமல் ஒரு தரம் ஏறிக் கழித்தேன். உறையோடு சேர்த்தே 12 கிலோ. உறைக்கு ஒரு கிலோ தள்ளினால் டென்சிட்டி 26தான் வருகிறது. கேட்டபோது, “மேல இருக்கிற ஒரு இன்ச் மெமரி ஃபோமைத்தான் சார் சொன்னோம்” என்றார்கள். அடியில் இருக்கும் ஐந்து அங்குலத்தைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை. உடம்பைத் தாங்குவது அந்த ஐந்து அங்குலம்தான். (கூரியர் ஸ்டிக்கரில் இருக்கும் எடையை நம்ப வேண்டாம். அது பெட்டியின் அளவை வைத்துப் போட்ட கணக்காகவும் இருக்கலாம்.)

அப்புறம், டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. டென்சிட்டி கூடினால் ஃபோம் பெரும்பாலும் அதிக நாள் உழைக்கும், சீக்கிரம் குழி விழாது. படுத்தால் கெட்டியாக இருக்குமா, மெத்தென்று இருக்குமா என்பதை அந்த எண் சொல்லாது. 26 டென்சிட்டி ஃபோமையும் கெட்டியாகச் செய்யலாம். கடையில் கையால் அமுக்கிப் பார்த்தபோது இது நன்றாகத்தான் இருந்தது. சில மாதங்களிலேயே இடுப்பு படும் இடம் தளர்ந்துவிட்டது. காலையில் எழுந்ததும் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும், நடக்க நடக்கச் சரியாகும். பகலெல்லாம் இல்லாத வலி தூங்கி எழுந்ததும் மட்டும் வந்தால் மெத்தையைச் சந்தேகப்படலாம்.

வாரண்டி கேட்டேன். ஒரு அங்குலத்துக்கு மேல் குழி இருந்தால்தான் மாற்றித் தருவார்களாம், அதுவும் யாரும் படுக்காமல் அளக்க வேண்டுமாம். மெத்தைக்குக் குறுக்கே நேரான கட்டையை வைத்து ஸ்கேலால் அளந்தேன்: முக்கால் அங்குலம். ஆள் படுத்தால் இடுப்பு எவ்வளவோ கீழே போகிறது. எழுந்ததும் ஃபோம் மேலே வந்துவிடுவதால் அது கணக்கில் வராது.

100 நாள் ட்ரையல், கம்பெனியின் சொந்த இணையதளத்தில் வாங்கியவர்களுக்கு மட்டுமாம். கடையில் வாங்கினால் கிடையாது. அந்த நிபந்தனை இணையதளத்தின் அடியில் இருக்கிறது, கடை போர்டில் “100 நாள்” மட்டும் பெரிதாக இருக்கிறது. வேறு சில பிராண்டுகளில் ஆர்டர் கொடுத்துச் செய்த அளவுக்கு ட்ரையல் இல்லை, கறை பட்டாலும் இல்லை. ஷாப்பிங் தளங்களில் வாங்கினால் அந்தத் தளத்தின் ரிட்டர்ன் விதிதான், அதில் நாட்கள் மிகக் குறைவு.

கடைசியில் கடைக்காரர் ஒரு சமாதானம் சொன்னார்: கூடுதல் பணம் கட்டினால் “100 டென்சிட்டி” மெத்தை தருகிறாராம். அது ரீபாண்டட் ஃபோம். வெட்டி மீந்த ஃபோம் துண்டுகளைப் பசை போட்டு அழுத்திச் செய்வது, அதனால் எடை கூடும். அந்த 100ஐ சாதாரண ஃபோமின் 40 உடன் ஒப்பிடவே கூடாது. பலகை மாதிரி இருக்கும், ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பெலும்பும் அழுந்தும். முதுகு வலிக்குக் கட்டாந்தரைதான் நல்லது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஆனால் 2003ல் லான்செட் இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வில், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காரர்களுக்கு மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையே அதிக நிவாரணம் தந்தது. வேண்டாம் என்றேன்.

கூடவே இலவசமாக வந்த மெமரி ஃபோம் தலையணையும் சரியில்லை. ஐந்து அங்குல உயரம், மல்லாந்து படுத்தால் தாடை நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி நிரம்ப வேண்டும், அவருக்கு ஒருவேளை அது பொருந்தலாம். மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்வாகத்தான் வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்திருக்கிறேன். அதன் பிறகு கடையிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டு, பாதி விலைக்கு கிரெடிட் நோட் தருவதாகச் சொன்னார்கள். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மெத்தை வாங்கப் போகிறவர்கள் ஒவ்வொரு அடுக்கும் என்ன ஃபோம், எத்தனை அங்குலம், என்ன டென்சிட்டி, ரிட்டர்ன் செய்தால் பணமாகத் தருவார்களா என்பதை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.