ஒரு பூண்டுப் படம், மூன்று படக்குறிப்புகள்: எது வாசிக்கிறது, எது மறைக்கிறது?

கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறையில் என் சித்தப்பா பூண்டு போடுகிறார். பதிவு போடுவது அவர் மகள், என் தங்கை. அறுவடை முடிந்து பூண்டு காய்ந்ததும் ஒரு கொத்தைக் கையில் பிடித்துப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் ஏற்றுவாள். படம் நன்றாகத்தான் இருக்கும். கீழே அவள் எழுதும் குறிப்பைப் படிக்கத்தான் எனக்கு மூச்சு வாங்கும். போன முறை ஒரே படத்துக்கு மூன்று விதமாகக் குறிப்பு எழுதி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். திண்டுக்கல்லில் இருக்கும் என் நண்பர் ஒருவருக்கும் அவற்றை அனுப்பினேன். அவருக்குப் பார்வை கிடையாது. போனில் உள்ள திரை வாசிப்பான் உரக்கப் படிப்பதைக் கேட்டுத்தான் எல்லாவற்றையும் அறிந்துகொள்கிறார்.

முதலாவது, தங்கை எழுதியது:

```
🔥🔥 #பூம்பாறையிலிருந்து நேரடியாக 🧄🧄 #மலைபூண்டு 🧄🧄 😍
👉 #கொடைக்கானலின் மணம் 💯
👉 1 கிலோ 400 ரூபாய்
👉 கூரியர் உண்டு 📦
👉 செய்தி அனுப்புங்கள் 🙏🙏🙏
```

இரண்டாவது, அவளுடைய கல்லூரித் தோழி எழுதிக் கொடுத்தது. இமோஜி ஒன்றுகூட இல்லை. ஆனால் கடைசியில் 24 ஹேஷ்டேக். பாதியை மட்டும் தருகிறேன்:

```
பூம்பாறை மலைப்பூண்டு வந்துவிட்டது. கிலோ 400 ரூபாய். கூரியர் உண்டு. செய்தி அனுப்புங்கள்.
#கொடைக்கானல் #kodaikanal #kodai #hillstation #nature #naturelover #love #instagood #trending #organic #garlic #foodie
```

மூன்றாவது, நாங்கள் உட்கார்ந்து செதுக்கியது:

```
பூம்பாறை மலைப்பூண்டு, புது அறுவடை. கிலோ 400 ரூபாய்; குறைந்தது 2 கிலோ. கூரியர் செலவு தனி. வேண்டியவர்கள் செய்தி அனுப்புங்கள் 🙏

#மலைப்பூண்டு #malaipoondu #KodaikanalMalaiPoondu
```

முதலாவதில் இருக்கும் பெரிய கோளாறு கண்ணுக்கு உடனே தெரியாது. வாக்கியத்துக்குள்ளேயே ஹேஷ்டேக்கை வைத்தால் இடம் மிச்சம், படிக்கவும் இயல்பாக இருக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் சொல்வதுண்டு. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் சரி. ஊர்ப் பெயருக்கு முன்னால் தனிச் சொல்லாக ‘ஃப்ரம்’ வரும், பெயர் மாறாது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. ஹேஷ்டேக் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் ஒன்று. அதனால் #கொடைக்கானல் வேறு, #கொடைக்கானலின் வேறு, #கொடைக்கானலில் வேறு. தங்கை எழுதிய #பூம்பாறையிலிருந்து என்பதைத் தொட்டுப் பார்த்தோம். அவளுடைய பழைய பதிவுகளைத் தவிர அங்கே யாரும் இல்லை. தன் கடைக்குத் தானே வாடிக்கையாளராகப் போய் நின்றதுபோல் இருந்தது.

உருபைப் பிரித்து ‘#பூம்பாறை யிலிருந்து’ என்று இடைவெளி விட்டு எழுதுகிறவர்களும் உண்டு. இணைப்பு உயிர் பிழைக்கும், தமிழ் பிழைக்காது. ஆகவே தமிழ்க் குறிப்பில் ஹேஷ்டேக்குக்கு இடம் கடைசி வரிதான். அங்கே பெயர் எழுவாய் வடிவத்தில், உருபு ஏறாமல், தனியாக நிற்கலாம். மேலே உள்ள வாக்கியம் தன் போக்கில் உருபேற்று ஓடலாம்.

சந்தியும் இதே சிக்கலைக் கொண்டுவருகிறது. ‘மலைப்பூண்டு’ என்று ப் போட்டு எழுதுவதே முறை. ப் இல்லாமல் #மலைபூண்டு என்றும் பலர் எழுதுகிறார்கள். அது இன்னொரு பெட்டி. இரண்டையும் போட்டால் குறிப்பு எழுத்துப்பிழைப் பட்டியல்போல் ஆகிவிடும். நாங்கள் ப் போட்டதை வைத்துக்கொண்டு, கூடவே ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களுக்காக #malaipoondu ஒன்றைச் சேர்த்தோம். தமிழ் தட்டச்சு செய்யாத தமிழர்கள் எத்தனை பேர் என்று உங்கள் குடும்பக் குழுவைப் பார்த்தாலே தெரியும்.

இனி இமோஜிக்கு வருவோம். முதல் குறிப்பில் மொத்தம் 16. கண்ணால் பார்க்கிறவர் அவற்றைத் தாண்டிப் போய்விடலாம். கேட்கிறவரால் முடியாது. ஒவ்வொரு இமோஜிக்கும் யூனிகோட் தரத்தில் ஒரு பெயர் உண்டு. வாசிப்பான் அந்தப் பெயரைச் சொல்கிறது. 👉 என்பதற்கு ஆங்கிலத்தில் ‘பேக்ஹாண்ட் இண்டெக்ஸ் பாயிண்டிங் ரைட்’ என்று பெயர். நண்பரின் போனில் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. ஆக, நான்கு வரிகளில் நான்கு முறை அந்த நீளப் பெயர். 😍 என்பது ‘இதயக் கண்களோடு சிரிக்கும் முகம்’ என்ற பொருளில் இன்னொரு நீளம். கேட்டு முடித்ததும் நண்பர் என்னைக் கூப்பிட்டு, “விலை என்ன சொன்னீர்கள்?” என்றார். விலை மூன்றாவது வரியில் இருந்தது. அவர் காதில் விழுந்ததெல்லாம் சுட்டுவிரல்கள்.

இதில் 🧄 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிவில் பொருளோடு சம்பந்தம் உள்ள இமோஜி அது ஒன்றுதான். வைத்திருக்கலாமே என்று நானும் நினைத்தேன். அது யூனிகோடில் சேர்ந்தது 2019இல். சித்தப்பாவின் போன் அதற்கும் முந்தியது. அங்கே நான்கு பூண்டுக்குப் பதில் நான்கு காலிக் கட்டங்கள். தன் பூண்டைத் தன் போனிலேயே பார்க்க முடியாத மனிதர் அவர். படத்திலேயே பூண்டு இருக்கிறது, வாக்கியத்திலும் பூண்டு இருக்கிறது. மூன்றாவதாக ஒரு சின்னம் எதையும் கூட்டவில்லை என்று எடுத்துவிட்டோம். நீங்கள் வைத்துக்கொள்வதானால் ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: இமோஜி சொல்லுக்குப் பின்னால் வரலாம், சொல்லுக்குப் பதிலாக வரக் கூடாது. ‘2 கிலோ 🧄 வேண்டுமா’ என்ற வாக்கியம் பழைய போனில் ‘2 கிலோ வேண்டுமா’ என்று காலிக் கட்டத்தோடு நிற்கும்.

🔥 வேறு வகைத் தொல்லை. தங்கைக்கு அது ‘அமோகம்’. தின்பண்டத்தின் பக்கத்தில் வைத்தால் ‘காரம்’ என்றும் படிக்கலாம். மலைப்பூண்டு காரமானதுதான் என்று அவள் வாதாடினாள். அப்படியானால் காரம் என்றே எழுது என்றேன்.

இரண்டாவது குறிப்பு இந்த விதத்தில் எவ்வளவோ மேல். சொல்ல வேண்டியது நான்கு சிறு வாக்கியங்களில் முடிந்துவிட்டது. விலை முதல் வரியிலேயே இருப்பதால், ‘மேலும்’ என்பதைத் தொடாமல் விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர் கண்ணிலும் படும். நண்பரும் விலையைப் பிடித்துவிட்டார். பிறகு வந்த வாலைக் கேட்காமல் பாதியில் நிறுத்திவிட்டார். அப்படியானால் வால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றலாம். இன்ஸ்டாகிராம் நெடுங்காலம் ஒரு பதிவுக்கு 30 ஹேஷ்டேக் வரை விட்டுவைத்திருந்ததால், இடம் இருக்கிறதே என்று நிரப்பும் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் 3 முதல் 5 போதும் என்று 2021இல் அந்த நிறுவனமே சொன்னது.

24ஐ எப்படிக் குறைத்தோம் என்பதைச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் எடுத்து, இதைத் தேடித் திறக்கிறவர் யார், அவர் பூண்டு வாங்க வந்தவரா என்று கேட்டோம். #love, #instagood, #trending மூன்றும் முதலில் விழுந்தன. அவற்றைத் தேடுகிறவருக்குத் தேவை எதுவும் இல்லை. அடுத்து #kodaikanal, #hillstation, #nature. இங்கேதான் தங்கை விட்டுக்கொடுக்கவில்லை. “நம் ஊர்ப் பெயர் இல்லாமலா, அண்ணே?” என்றாள். ஊர்ப் பெயரைத் தேடுகிறவர் அறை பார்க்கிறார், இ-பாஸ் எடுப்பது எப்படி என்று பார்க்கிறார், பனி மூடிய ஏரியின் படத்தைப் பார்க்கிறார். அந்த வெள்ளத்தில் ஒரு கொத்துப் பூண்டு சில நொடிகூட மிதக்காது. #garlic உலகம் முழுவதற்கும் பொது. பூம்பாறையிலிருந்து கூரியர் போகாத ஊர்களே அதில் அதிகம்.

#organic என்பதை நீக்கிய காரணம் வேறு. சித்தப்பா மருந்து அடிக்கிறார். கேட்டால் மறைக்க மாட்டார். பிறகு எதற்கு அந்தச் சொல்? ஹேஷ்டேக் என்பதால் அது உறுதிமொழி இல்லை என்று ஆகிவிடாது. வாங்குகிறவர் அதையும் படிக்கிறார்.

மிஞ்சியவை பொருளின் பெயர்கள் மட்டுமே. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைத் தெரிந்து தேடுகிறவர் கிட்டத்தட்ட பையோடு வந்து நிற்கிறவர். ஆனால் பெயர் மலையில் விளைந்த பூண்டுக்கு உரியது. சந்தையில் வாங்கிய சமவெளிப் பூண்டின் கீழே அதை ஒட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

#KodaikanalMalaiPoondu என்பதில் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். தேடலுக்கு அதனால் வித்தியாசமில்லை; பெரியதும் சிறியதும் ஒரே பெட்டிக்குத்தான் போகின்றன. முழுவதும் சிறிய எழுத்தில் எழுதியதை நண்பரின் வாசிப்பான் ஒரே மூச்சில் ஏதோ வேற்றுமொழிச் சொல்லாக உருட்டியது; பெரிய எழுத்து வந்ததும் மூன்றாகப் பிரித்துச் சொன்னது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. #மலைப்பூண்டு மாதிரிச் சிறியதற்கு அது தேவையும் இல்லை. நான்கைந்து சொல் சேர்ந்த நீளமான தமிழ் ஹேஷ்டேக் போட்டே ஆக வேண்டும் என்றால் இடையில் அடிக்கோடு போடலாம். இடைவெளியோ சிறு கோடோ போட்டால் இணைப்பு அந்த இடத்திலேயே அறுந்துவிடும். அடிக்கோடு போட்டதும் போடாததும் இரு வேறு ஹேஷ்டேக்குகள் என்பதால், பிறர் எப்படி எழுதுகிறார்கள் என்று தேடிப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.

ஹேஷ்டேக்குகளை முதல் கருத்தாகப் போட்டுவிட்டால் குறிப்பு சுத்தமாக இருக்குமே என்று தோழி சொன்னாள். 24 இருந்தால் அது நல்ல யோசனை. மூன்றுக்கு அந்த வேலை வீண். பதிவு போட்ட கையோடு மறக்காமல் கருத்தும் போட வேண்டும், தங்கைக்கு அதற்குள் யாராவது அடுப்படியிலிருந்து குரல் கொடுத்துவிடுவார்கள். வாட்ஸ்ஆப் குழுவுக்கு அதே குறிப்பை நகலெடுக்கும்போது கடைசி வரியை அழித்துவிட்டு அனுப்புகிறாள். அங்கே ஹேஷ்டேக்கைத் தொட்டால் எங்கும் போகாது.

மூன்றாவது குறிப்பும் எல்லாப் படத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். படத்தில் பூண்டுக்கொத்து இல்லாமல், ஊருக்குக் கீழே படிப்படியாக இறங்கும் வயல் இருந்தால் #பூம்பாறை நான்காவதாகச் சேரலாம். அந்த வயலைப் பார்க்கத்தான் அந்தப் பெயரைத் தேடுகிறார்கள். எதை வைப்பது, எதை எடுப்பது என்பதைப் படம்தான் தீர்மானிக்கிறது. போன பதிவிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டுகிற பட்டியலுக்கு இந்த முறையில் இடமே இல்லை.

அந்த ஒற்றை 🙏 எதற்கு என்று கேட்டேன். அதுவும் எதையும் கூட்டவில்லையே. “யாரையும் கும்பிடாமல் எப்படி அண்ணே பொருளை விற்பது?” என்றாள். மூன்றை ஒன்றாக்கச் சம்மதித்தாள், ஒன்றைப் பூஜ்யமாக்க மறுத்துவிட்டாள். நண்பரிடம் கேட்டேன். வாக்கியம் முடிந்த பிறகு ஒரே முறை ‘ஃபோல்டட் ஹாண்ட்ஸ்’ என்று வருவது தனக்கு இடைஞ்சல் இல்லை என்றார். இரண்டு கிலோ அனுப்பச் சொல்லி முகவரியும் கொடுத்தார்.