மரத்தில் போட்டோ என்கிரேவிங்: லேசருக்கு முன் படத்தில் செய்ய வேண்டியவை

மரப்பலகையில் போட்டோ போட்டுக் கொடுப்பவர்களிடம் வாடிக்கையாளர் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, அப்பா இவ்வளவு கறுப்பு இல்லையே." உடனே எல்லோரும் பவரில் கை வைப்பார்கள். பவரைக் குறைத்தால் முகம் வெளுக்கும், உண்மைதான், ஆனால் கூடவே முடி, புருவம், கண்ணாடி ஃபிரேம் எல்லாம் சாயம் போன துணி மாதிரி ஆகிவிடும். சரி செய்ய வேண்டிய இடம் மெஷின் இல்லை, படம். சில வருடங்களாக 5 வாட் நீல டையோடு லேசரில், 3 மில்லி பாஸ்வுட் ப்ளையில் தொடர்ந்து முகங்கள் போட்டு வருகிறேன். நம் ஊர் முகங்களுக்கு எது வேலை செய்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மரம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். லேசர் வைக்கும் புள்ளி நாம் கேட்ட அளவில் நிற்பதில்லை, சூடு பக்கவாட்டில் பரவும். 0.1 மில்லி இடைவெளியில், அதாவது 254 DPI-ல், அச்சிடுகிறோம் என்று வையுங்கள். விழுகிற புள்ளி 0.14 மில்லி இருக்கும். சதுரங்கப் பலகை மாதிரி ஒன்று விட்டு ஒன்று கறுப்பாக இருக்கும் 50 சதவீத சாம்பலில், ஒவ்வொரு வெள்ளைக் கட்டத்துக்குள்ளும் நான்கு பக்கத்திலிருந்தும் 0.02 மில்லி கறுப்பு நுழையும். 0.1 மில்லிக் கட்டத்தில் மிஞ்சுவது 0.06-க்கு 0.06 தான். கணக்குப் போட்டால் பாதிக் கறுப்பு என்று நாம் அனுப்பியது பலகையில் 82 சதவீதக் கறுப்பாக வருகிறது. திரையில் அழகாகத் தெரிந்த மாநிறம் மரத்தில் கரியாக வருவதற்கு இதுதான் காரணம்.

பவரைக் கூட்டிக் குறைத்து நிறம் கொண்டுவரும் Grayscale முறையை முகத்துக்கு நான் எடுப்பதே இல்லை. மரம் ஒரு அளவு வரை ஒன்றுமே காட்டாது, அதைத் தாண்டியதும் சட்டென்று கருகும், நடுவில் கிடைக்கும் நிறங்கள் மிகக் குறைவு, அதையும் மர ரேகை இடத்துக்கு இடம் மாற்றிவிடும். டிதரிங்கில் அந்தத் தலைவலி இல்லை. புள்ளி உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். நிறம் புள்ளிகளின் நெருக்கத்தில் வருகிறது.

அதனால் எந்தப் படத்தையும் தொடும் முன் ஒரு பட்டை எரித்துப் பார்க்க வேண்டும். படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் 11 கட்டங்கள், ஒவ்வொன்றும் 100 பிக்சல் அகலம், முழுக் கறுப்பான 0-விலிருந்து முழு வெள்ளையான 255 வரை, கட்டத்துக்குக் கட்டம் ஏறக்குறைய 25 கூட்டி. போட்டோவுக்குப் போடப்போகும் அதே வேகம், அதே பவர், அதே டிதரிங்கில், அதே பலகையின் ஓரத்தில் எரிக்க வேண்டும். ஃபோகஸும் அதேதான். என் பலகையில் வழக்கமாக வருவது இப்படி: 0, 25, 51, 76 நான்கும் ஒரே கறுப்பு, பிரித்துச் சொல்ல முடியாது. 128 இருக்கும் கட்டம் கண்ணுக்கு நல்ல இருட்டு. கண்ணுக்குப் பாதி நிறமாகத் தெரிவது 179. 230-ல் லேசான தூசி மாதிரி ஒரு சாயல். இந்தப் பட்டை கையில் இருந்தால் கர்வ் போடுவது, அதாவது படத்தில் எந்த நிற அளவை எந்த அளவுக்கு மாற்றுவது என்பது, ஊகமாக இருக்காது: முகத்தின் நடு நிறம் 180-ஐ ஒட்டி வர வேண்டும், கறுப்பாகவே இருக்க வேண்டியதெல்லாம் 80-க்குக் கீழே கிடந்தால் போதும்.

ஒரு வேலையை எடுத்துச் சொல்கிறேன். அறுபதாம் கல்யாணப் பரிசாக ஒரு தம்பதி படம், 15-க்கு 20 சென்டிமீட்டர். அப்பாவுக்கு நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சட்டை. அம்மாவுக்குக் குங்குமம், மூக்குத்தி, அரக்குப் பட்டு. வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கியிருந்தது, அதனால் மூலப் படத்தை டாகுமென்ட்டாக அனுப்பச் சொன்னேன். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், சுருங்கிய படத்தில் கன்னத்தில் இருக்கும் கட்டங்களையும் டிதரிங் விடாமல் வரைந்துவிடும்.

முதல் வேலை அளவு. 254 DPI-க்கு 1500-க்கு 2000 பிக்சல். அளவை இப்போதே முடித்துவிட வேண்டும், டிதரிங்குக்குப் பிறகு ஒரு பிக்சல்கூட மாற்றக்கூடாது, மாற்றினால் முகத்தில் கோடு கோடாக வலை விழும்.

அடுத்தது கறுப்பு வெள்ளை ஆக்குவது, நம் முகங்களுக்கு இதுதான் பாதி வேலை. சும்மா Desaturate அழுத்தினால் மாநிறத் தோல் இருட்டாகத்தான் வரும். Mono Mixer-ல் சிவப்பைக் கூட்டினால் தோல் தெளியும், முகத்தில் இருக்கும் மங்கு, கரும்புள்ளி எல்லாம் குறையும், ஏனென்றால் பழுப்புத் தோல் சிவப்புச் சேனலில்தான் வெளிச்சமாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. நீலச் சேனலில் இருட்டும் இரைச்சலும்தான். ஆனால் சிவப்பை மட்டும் எடுத்தால் குங்குமமும் தோலோடு சேர்ந்து வெளுத்துக் காணாமல் போகும். குங்குமம் இல்லாத அம்மா படத்தை அறுபதாம் கல்யாணத்துக்குக் கொடுக்க முடியுமா? சிவப்பு 0.6, பச்சை 0.4, நீலம் 0 என்று வைத்தேன். பொட்டு மங்கலாக வந்தது. பச்சைச் சேனலை மட்டும் தனி லேயராகப் போட்டு, மாஸ்க்கில் பொட்டு இருக்கும் இடத்தை மட்டும் திறந்துவிட்டேன். பச்சைச் சேனலில் குங்குமம் நல்ல கறுப்பு. பட்டுப் புடவையின் உடலுக்கும் இதே லேயரைக் கொஞ்சம் திறந்தால் சரிகை எடுப்பாக நிற்கும்.

இப்போது கர்வ். அப்பாவின் முகத்தை அளந்து பார்த்தால் தாடை நிழல் 70, கன்னம் 110, நெற்றி 125, மூக்கு நுனி 150. திருநீறு 225. Curves-ல் Value-வில் நான் வைத்த புள்ளிகள்:

```
0 → 40
60 → 100
110 → 170
170 → 215
255 → 255
```

இதில் கன்னம் 170-க்கும் நெற்றி ஏறக்குறைய 180-க்கும் போகிறது. திருநீறு 240-ஐ ஒட்டி நிற்பதால் நெற்றியோடு கலக்காமல் மூன்று பட்டையும் தனித்தனியாகத் தெரியும். முடி 60-க்குக் கீழே இருந்ததால் பெரும்பாலும் கறுப்பாகவே நிற்கிறது, நரை மட்டும் மேலே வருகிறது. கர்வின் செங்குத்தான பகுதி 60-க்கும் 110-க்கும் நடுவில், கன்னத்தின் நிழல் பக்கத்தில் விழும்படி வைத்தது வேண்டுமென்றேதான். முகத்தின் உருண்டை அங்கேதான் இருக்கிறது, அது போனால் முகம் தட்டையாகிவிடும். வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் இந்தக் கர்வில் நசுங்கும், நசுங்கட்டும். லேசரை ஓட்டும் மென்பொருளான லைட்பர்னில் Gamma-வை நகர்த்தினாலும் முகம் வெளுக்கும், ஆனால் முழுப் படமும் ஒரே இழுப்பில் போகும், இப்படி ஒரு இடத்தைப் பிடித்து ஏற்ற முடியாது.

இந்தக் கட்டத்தில் திரையில் படம் வெளிறிப்போய், யாரோ மாவு பூசிய மாதிரி இருக்கும். கை துறுதுறுக்கும், திரும்ப இருட்டாக்காதீர்கள். முதலில் எரித்த சோதனைப் பட்டையை மட்டும் பார்த்து வேலை செய்யுங்கள்.

கர்வுக்குப் பிறகுதான் கூர்மை. Unsharp Mask-ல் ரேடியஸ் 2, அமவுண்ட் 1 அளவில். புள்ளிகள் பரவுவதால் மரம் எப்படியும் மழுங்கடிக்கும், அதனால் திரையில் கொஞ்சம் அதிகமாகத் தெரிவதுதான் சரியான அளவு. கண்மணியில் இருக்கும் வெளிச்சப் புள்ளியையும் மூக்குத்தியின் மின்னலையும் தனியாகச் சிறிய வெள்ளைப் பிரஷ்ஷில் 4, 5 பிக்சல் அகலத்துக்குத் தொட்டுவிடுவேன். ஒரு பிக்சல் வெள்ளை மரத்தில் பிழைக்காது, பக்கத்துப் புள்ளிகள் விழுங்கிவிடும்.

டிதரிங்கில் முகத்துக்கு நான் நிலைத்துப்போனது Jarvis. ஒரு பிக்சலைக் கறுப்பு அல்லது வெள்ளை என்று முடிவு செய்யும்போது மிஞ்சும் பிழையை அது 12 அண்டைப் பிக்சல்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது, அதனால் கன்னத்தில் மாற்றம் மெதுவாக இறங்கும். ஃபிளாய்ட்-ஸ்டைன்பெர்க் நான்கு பிக்சல்களுக்கு மட்டும் கொடுப்பது, வெளிச்சமான நெற்றியில் புழு நெளிவது மாதிரி கோடுகள் எனக்கு அதில்தான் அதிகம் வந்தன. அட்கின்சன் பிழையில் முக்கால் பங்கைத்தான் கடத்தும், கால் பங்கை விட்டுவிடும். கட்டடம், பைக், லோகோ இதற்கெல்லாம் அது தரும் அழுத்தம் எனக்குப் பிடிக்கும். முகத்தில் மூக்கு நுனியும் நெற்றியும் வெறும் மரமாக நின்றுவிடுகின்றன, திருநீறு போட்ட நெற்றிக்கு அது ஆகவே ஆகாது.

டிதரிங்கை லைட்பர்னே செய்யட்டும் என்றால் Line Interval 0.1 வைத்து Jarvis தேர்ந்தெடுத்தால் போதும். வெளியே செய்துகொண்டு வந்தால் PNG-யாகச் சேமித்து, லைட்பர்ன் படத்தைத் தொடாமல் அப்படியே அனுப்ப Pass-Through போடுங்கள். JPG-யில் சேமித்தால் புள்ளிகளைச் சுற்றிச் சாம்பல் கசடு வரும். மெஷினின் கன்ட்ரோல் போர்டு GRBL-ல் ஓடுவது என்றால் லேசர் மோடு, அதாவது `$32=1`, இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அது 0-வாக இருந்தால் பவர் மாறும் ஒவ்வொரு இடத்திலும் தலை நின்று நின்று போகும், புள்ளியெல்லாம் குழியாகும்.

2000 வரிகள், வரிக்கு 15 சென்டிமீட்டர், மொத்தம் 300 மீட்டர் ஓட்டம். நிமிடத்துக்கு 3000 மில்லி வேகத்தில் 100 நிமிடம், திரும்பும் நேரம் தனி. கண் இமைகள் இரட்டையாகத் தெரிந்தால் படத்தைச் சந்தேகப்படாதீர்கள், போகும் வரியும் வரும் வரியும் பொருந்தவில்லை, பெல்ட்டை இறுக்கிவிட்டு Scanning Offset பாருங்கள். வெளிச்சப் பகுதிகளில் பழுப்பாகப் படிந்தால் அது புகை, மெல்லிய காற்று போதும். படம் கீழே போகப்போக வெளுத்தால் லென்ஸில் கரி.

மரத்தைப் பொறுத்தவரை பாஸ்வுட் போல எதுவும் இல்லை. பைனில் மென்மையான பட்டை கருகும், கடினமான பட்டை கருகாது, முகத்தின் குறுக்கே வரி ஓடும். தேக்கு கேட்டு வருபவர்கள் உண்டு, ஆனால் அடி நிறமே பழுப்பு என்பதால் திருநீறு வெள்ளையாகத் தெரிய வழியே இல்லை. அவர்களுக்குத் தேக்கு ஃபிரேம் போட்டு உள்ளே பாஸ்வுட் வைத்துக் கொடுக்கிறேன். எரித்தபின் ஈரத்துணி வேண்டாம், கரி ரேகைக்குள் இறங்கிவிடும். காய்ந்த மெல்லிய பிரஷ், அப்புறம் தூரத்திலிருந்து மெலிதாக இரண்டு கோட் லாக்கர் ஸ்ப்ரே. எண்ணெய் பூசினால் மரம் இருண்டு, இவ்வளவு கஷ்டப்பட்டு ஏற்றிய நெற்றி திரும்ப இறங்கும்.

குடும்பப் படம், பத்துப் பேர், A4 அளவு என்று கேட்பவர்கள் வருகிறார்கள். ஒரு முகம் ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் 150 பிக்சல், ஒரு கண்ணுக்கு 30 பிக்சல்தான் தேறும். இமை, கண்மணி, வெளிச்சப் புள்ளி மூன்றையும் அதற்குள் பரவும் புள்ளிகளால் வரைய முடியாது. முகம் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கீழே போகும் படங்களை நான் எடுப்பதில்லை. பெரிய பலகை அல்லது குறைந்த ஆட்கள், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிடுகிறேன்.