ஏக்கம் வர மெதுவாகப் பாடுவதா, வேகமாகப் பாடுவதா?

‘இன்னும் வாசல் விளக்கு எரியுதே’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

நிமிடத்துக்கு 66 துடிப்பு வேகத்தில், சங்கராபரணம் போன்ற ஸ்கேலில், மெட்டை மேலே ஏற்றி ‘தே’யை நி-யில் நாலு துடிப்பு நிறுத்துங்கள். மூன்றரை வினாடிக்கு மேல் நிற்கும். அரை ஸ்வரம் தள்ளி மேல் ச இருப்பதால் காது அங்கே போகத் துடிக்கும், நீங்கள் போகாமல் விடுவதில்தான் ஏக்கம் பிறக்கிறது. நெடிலில் முடிவதால் குரல் திறந்தே நிற்கும். வரியைத் திருப்பி ‘எரியுதே இன்னும்’ என்று முடித்தால் ‘ம்’ வாயை மூடிவிடும், அப்படித் திறந்த குரலில் இழுக்க முடியாது.

அதையே 110-இல் பாடினால் நாலு துடிப்பு இரண்டே கால் வினாடிகூட வராது, நி-யின் தவிப்பு பதியாது. அங்கே வேறு வழி: வரியைச் சின்னதாக்கி ‘விளக்கு எரியுதே’ என்று ரி-யில் விட்டுவிட்டு, தாளம் மட்டும் ஓட இரண்டு துடிப்பு மௌனம் கொடுத்து, மறுபடி அதே வரி. தாளம் நகர்கிறது, பாடுபவர் அதே வாசலில் நிற்கிறார்.

நீங்கள் போடும் முதல் பாட்டுக்கு நான் மெதுவானதையே சொல்வேன், அதில் பிழை உடனே தெரியும். மெட்டு கீழே இறங்கி ச-வில் உட்கார்ந்து, சொல்லும் ‘அழுகிறேன்’ என்றால் அது ஒப்பாரிப் பக்கம் போய்விடும். சொல்லில்லாமல் முனகிப் பாருங்கள். முடிந்துவிட்டது போலத் தோன்றினால் கடைசி ஸ்வரத்தை மாற்றுங்கள். சரி, ச எப்போது? பல்லவி கடைசியாக வரும்போது ஒரே ஒரு முறை.