'அழிச்சாச்சு தம்பி' என்ற ஒற்றைச் சொல்லை நம்பினேன்

வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப ஒரு சைபர் கஃபேவுக்குப் போயிருந்தேன். நான்காம் எண் கணினி. மின்னஞ்சலைத் திறந்து மதிப்பெண் சான்றிதழ், அடையாள அட்டை, விண்ணப்பம் என மூன்று பிடிஎஃப் கோப்புகளை இறக்கினேன். பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டதால் கடைக்காரர் அவற்றைத் தன் கவுண்டர் கணினிக்கு எடுத்துப் போட்டு அச்சடித்துக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. நான்காம் எண் திரை அணைந்துவிட்டது. லாக் அவுட் செய்ய வழியில்லாமல் வந்துவிட்டேன்.

மாலையில் போன் செய்து சொன்னேன். "அழிச்சாச்சு தம்பி, கவலைப்படாதீங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு பிரதி எடுக்கப் போனேன். அதே கணினிதான் கிடைத்தது. பென் டிரைவில் இருந்த கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியைத் திறந்தால், அது நேராக Downloads ஃபோல்டரைக் காட்டியது. என் அடையாள அட்டை இரண்டு முறை இருந்தது, ஒன்றின் பெயருக்குப் பின்னால் (1) என்று. அவசரத்தில் நானே இருமுறை இறக்கியிருக்கிறேன். பக்கத்திலேயே முகம் தெரியாத யாரோ ஒருவரின் வங்கி அறிக்கை. பிரவுசரைத் திறந்தேன். என் இன்பாக்ஸ் கடவுச்சொல் கேட்காமலே வந்தது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. அவர் மாலையில் பிரவுசர் தடயங்களை அழிக்க Ctrl+Shift+Delete அழுத்தியிருக்கிறார். கால அளவு 'Last hour' என்றே இருந்திருக்கிறது. நான் உட்கார்ந்தது காலையில். என் லாகினை நினைவில் வைத்திருந்த, ஒரு மணி நேரத்துக்கு முந்தைய குக்கீ அப்படியே நின்றுவிட்டது. கணினி அணைந்து எழுந்தாலும் அந்தக் குக்கீ போகாது. 'All time' கொடுத்திருந்தால்கூட இறக்கிய கோப்புகள் போயிருக்காது. பிரவுசரில் 'Download history' என்பது பட்டியல் மட்டும்தான். பட்டியல் அழியும், கோப்பு ஃபோல்டரில் கிடக்கும். இன்காக்னிட்டோவில் வேலை பார்த்திருந்தாலும் கோப்பு விஷயத்தில் இதே கதைதான்.

அங்கேயே லாக் அவுட் செய்தேன். வாயால் சொன்னால் மறுபடியும் 'ஹிஸ்டரி'யோடு நின்றுவிடும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்:

"ஐயா, நேற்று முன்தினம் காலை 11 மணி முதல் 12 மணி வரை உங்கள் நான்காம் எண் கணினியைப் பயன்படுத்தினேன். மின்தடையால் என் வேலையை முறையாக முடிக்க முடியவில்லை. கீழ்க்கண்டவற்றை அழித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான்காம் எண் கணினியில், பிரவுசரின் குக்கீ, கேஷ், பார்த்த பக்கங்கள், இறக்கிய பட்டியல், சேமித்த கடவுச்சொற்கள், ஆட்டோஃபில் ஆகியவற்றை 'All time' என்ற அளவில் அழிக்கவும். Downloads ஃபோல்டரில் என் பெயரில் தொடங்கும் நான்கு கோப்புகளை அழித்து, பிறகு Recycle Bin-ஐக் காலி செய்யவும். கவுண்டர் கணினிக்கு எடுத்த மூன்று பிரதிகளையும், பிரிண்டர் வரிசையில் தங்கியிருக்கும் வேலைகளையும் அவ்வாறே நீக்கவும். கோப்புகளை வேறு எங்காவது நகலெடுத்திருந்தால் தெரிவிக்கவும். முடித்ததும் இந்தத் தாளில் நேரத்தைக் குறித்துக் கையொப்பமிட்டுத் தர வேண்டுகிறேன்."

மின்னஞ்சல் முகவரியை அதில் எழுதவில்லை. கடவுச்சொல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோப்பின் பெயர், கணினி எண், நேரம் இவை போதும், அவர் தேடிப் பிடிக்க. ஆட்டோஃபிலையும் சேமித்த கடவுச்சொல்லையும் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. குரோமில் அந்த இரண்டும் வழக்கமான அழிப்பில் தானாகப் போகாது. விண்ணப்பத்தில் அடித்த பெயர், முகவரி, போன் எண் எல்லாம் ஆட்டோஃபிலில் உட்கார்ந்திருக்கலாம். அடுத்து வருபவர் முதல் எழுத்தைத் தட்டினாலே எட்டிப் பார்க்கும்.

தாளைப் படித்தவர் முகம் சுளித்தார். "இவ்வளவா தம்பி?" என்றார். ஆனாலும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். Recycle Bin-ஐ அவர் மறந்தார், நான் நினைவுபடுத்தினேன். கவுண்டர் கணினியில் கோப்புகள் டெஸ்க்டாப்பிலேயே கிடந்தன, எல்லார் கண்ணிலும் படும்படி.

எழுதிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடாது. Recycle Bin-ஐக் காலி செய்த கோப்பைக்கூடச் சில மென்பொருட்களால் மீட்க முடியும். இந்த இரண்டு நாளில் யாராவது பென் டிரைவில் எடுத்துப் போயிருந்தால் எந்தக் கடிதமும் அதை எட்டாது. அதனால் மின்னஞ்சலைக் கடைக்காரர் கையில் விடவில்லை. வீட்டுக்கு வந்து போனிலேயே கூகுள் கணக்கு அமைப்புகளில் 'Your devices' பக்கத்தைத் திறந்தேன். நான் லாக் அவுட் செய்த அந்தக் கணினி, வெளியேறிய கருவிகளின் பட்டியலில் இருந்தது. பிறகு கடவுச்சொல்லை மாற்றினேன். இதை முதல் நாள் மாலையிலேயே, அவருக்குப் போன் செய்வதற்கு முன்பே செய்திருக்கலாம்.

அந்த வங்கி அறிக்கைக்காரருக்கு யார் சொல்வது? அதையும் அழிக்கச் சொன்னேன், அழித்தார். கையொப்பமிட்ட தாள் என்னிடம் இருக்கிறது.