மருதாணி, ஹேர் டை கறை: ஸ்பிரிட்டா, பெராக்சைடா, பிளீச்சா?

ஹேர் டையின் கறுப்பு பாக்கெட்டில் இருந்தபடியே வருவதில்லை. ஏறக்குறைய நிறமற்ற பொருள்கள், டெவலப்பரில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடோடு கலந்து, அரைமணி நேரத்தில் கறுத்துத் திரள்கின்றன. ஆகவே டைல்ஸிலோ வாஷ்பேசினிலோ துண்டிலோ சிந்திய சில நிமிடங்களுக்குள் என்றால் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சே போதும். நிறம் முழுதாகத் திரளுமுன் அது கறையைக் கரைத்து எடுத்துவிடும். அந்த நேரத்தில் பெராக்சைடு ஊற்றுவது, டெவலப்பரையே கூடுதலாகச் சேர்ப்பதற்குச் சமம். பலர் தவறுவது இங்கேதான்.

மருதாணி அப்படியல்ல, அதன் சாயம் இலையிலேயே இருக்கிறது. காரம் பட்டால் அது இன்னும் சிவக்கும். சலவைச் சோடாவைத் தேய்த்தவுடன் கறை கூடிவிட்டதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். விழுதை நீரூற்றிப் பரப்பாமல் முதலில் வழித்தெடுத்துவிட்டு, அதன் பிறகு ஸ்பிரிட்டைப் பயன்படுத்துவது நல்லது.

எங்கள் வீட்டில் இரவு சிந்திய டையை மறுநாள் காலையில்தான் கவனித்தோம். ஸ்பிரிட் பஞ்சு பழுப்பேறியது. டைல்ஸின் வழவழப்பான பரப்பு தெளிந்தது. ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவிலுள்ள சிமெண்ட் கோடு மட்டும் அப்படியே கறுத்திருந்தது. மெருகுப் பூச்சு சாயத்தை உள்ளே விடாது, நுண்துளையுள்ள சிமெண்ட் உறிஞ்சிக்கொள்ளும் என்பதை அந்தக் கோடே காட்டியது. பழைய வாஷ்பேசினின் மெருகில் முடிபோல் மெல்லிய விரிசல் விட்டிருந்தால் அந்த விரிசல்களிலும் இதே கதைதான். நிறம் முற்றிய பிறகு ஆக்சிஜனேற்றியால் அதைச் சிதைப்பதே வழி என்பதால், மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீதப் பெராக்சைடில் நனைத்த பஞ்சுத் திரியைக் கோட்டின்மேல் ஒரு மணி நேரம் வைத்தேன். கறுப்பு பழுப்பாக இறங்கியது. நன்றாகக் கழுவியபின், ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தோடு நான்கு பங்கு நீர் கலந்து பதினைந்து நிமிடம் விட்டதும் எஞ்சியதும் மங்கியது. சிமெண்ட் கோட்டைப் பொறுத்தவரை பிளீச்சுக்கே என் வாக்கு. கழிப்பறை கழுவும் ஆசிட்டை இங்கே தொடவே கூடாது. அது சிமெண்டை அரிப்பதோடு, பிளீச்சோடு கலந்தால் குளோரின் வாயுவையும் வெளியிடும். பிளீச்சையும் ஸ்பிரிட்டையும்கூட ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றலாகாது.

துண்டு என்று வந்தால் வரிசை மாறுகிறது. வெள்ளைப் பருத்தித் துண்டை நீர்த்த பிளீச் வெளுக்கும். நிறத் துண்டிலோ கறைக்குப் பதில் வெள்ளைத் திட்டு விழும், பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. ஆகவே நிறத் துண்டுக்கு ஆக்சிஜன் பிளீச் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைப்பதே பாதுகாப்பானது, அதையும் முதலில் ஓரத் தையலில் சோதித்துவிட்டு. கறை முழுதாகப் போகாமல் வெயிலில் காயப்போடவோ இஸ்திரி போடவோ வேண்டாம்.